இருபது மணித்தியாலமும் மூன்று கணக்கும்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் இறுதி வெள்ளிக்கிழமை எனக்கு வாழ்நாளின் முதலாவது சம்பளத்துண்டு கிடைத்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மாணவர் விடுதியொன்றின் சமையலறையில் நின்றபடி, அதனை நான் நான்கைந்து தடவை வாசித்திருப்பேன். பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ் ஒரு கல்வியாண்டைக் கழிப்பதற்காக அவ்வாண்டு செப்ரெம்பரில் அங்கு சென்றிருந்தேன். திட்டம் தந்த உதவித்தொகை விடுதி வாடகைக்கும் பேருந்துக்கும் போதுமாயிருந்தது, உணவுக்குப் போதவில்லை. போதாக்குறைக்கு, விமானச்சீட்டுக்காக அம்மா ஈடு வைத்த சங்கிலி ஊரில் வட்டியேறிக்கொண்டிருந்தது. ஆகவே ஒக்டோபர் நடுப்பகுதியில் பெரிய பல்பொருள் அங்காடியொன்றில், தட்டுகளில் பொருள் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளியும் சனியும் எட்டெட்டு மணித்தியாலம், வாரத்துக்குப் பதினாறு.

சம்பளத்துண்டு சொன்ன கதை இது: வேலை செய்த நேரம் 64 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 11.44 பவுண் வீதம் 732.16 பவுண். அதற்குக் கீழே வருமான வரி என்ற தலைப்பில் 146.40 பவுண் கழிக்கப்பட்டிருந்தது. கையில் வந்தது 585.76. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. முன்பின் சம்பளம் வாங்கி அறியாத எனக்கு, இது தான் அந்நாட்டு வழமை போலும் என்று தோன்றியது. கோபம் வந்தது, ஆனால் யாரிடம் கேட்பது என்பது தெரியவில்லை. அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு பிழையையும், பிறகு கற்றுக்கொண்ட கணக்கையும் இங்கே எழுதுகின்றேன். பிறநாடு சென்று படிக்கும் எண்ணமுடைய நண்பர் பலர் இதனை வாசிக்கக் கூடுமாதலால், தொகைகளை மறைக்காமல் தருகின்றேன்.

முதலில் பிழையைச் சொல்லிவிடுகின்றேன். நகரின் மறு அந்தத்தில் இருந்த உணவகமொன்றில் பாத்திரம் கழுவ ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். மணித்தியாலத்துக்கு ஏழு பவுண், கையில் காசு, துண்டு எழுதுவதில்லை. “வரி ஒண்டும் வெட்ட மாட்டம்” என்று உரிமையாளர் உற்சாகத்துடன் சொன்னார். ஐந்தில் ஒரு பங்கை இழந்தவனுக்கு அந்தச் சொல் தேனாய் இனித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணித்தியாலம் கழுவி, இருபத்தெட்டுப் பவுண் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மறு வெள்ளிக்கிழமை அங்காடியின் களஞ்சியத்தில் இக்கதையை ஓர் அண்ணையிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் வந்தவர். அதே அங்காடியில் இரவுப் பணியாளராக இருப்பவர். அவர் சிரிக்கவில்லை.

“தம்பி, பதினொண்டு நாற்பத்தினாலில அஞ்சில ஒண்டு போனால் மிச்சம் எவ்வளவு?”

கணக்குப் பார்த்தேன். ஒன்பது பவுணும் பதினைந்து பென்சும்.

“அப்ப ஏழு பவுணுக்கு ஏன் போனனீ?”

என்னிடம் விடை இருக்கவில்லை. தவறாகக் கழிக்கப்பட்ட வரியோடு பார்த்தாலும் சட்டபூர்வமான வேலையே இலாபமாயிருந்தது. அந்த ஆண்டில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்க்கு அந்நாட்டுச் சட்டம் விதித்த ஆகக்குறைந்த கூலி 11.44 பவுண். அந்த நான்கு மணித்தியாலத்துக்கு எனக்குச் சேரவேண்டியது 45.76. ஆக, வரியிலிருந்து தப்பியதாக நான் எண்ணிய அந்த ஞாயிறன்று 17.76 பவுணை உரிமையாளருக்குப் பரிசளித்துவிட்டு வந்திருந்தேன்.

அண்ணை எனது சம்பளத்துண்டை வாங்கி ஒரே பார்வையில் குற்றத்தைக் கண்டுபிடித்தார். துண்டின் மூலையில் வரிக்குறியீடு என்றொரு சிறு கட்டம் உண்டு. அதில் BR என்று அச்சிடப்பட்டிருந்தது. அடிப்படை வீதம் என்பதன் சுருக்கம் அது. இவருக்கு வேறோர் இடத்தில் வருமானம் உண்டு, வரிவிலக்கு அங்கே பயன்பட்டுவிடும், ஆகவே இங்கே முதற் பவுணிலிருந்தே நூற்றுக்கு இருபது வீதம் கழித்துவிடுக என்பது அதன் பொருள். என்னைப்போல் ஒரேயொரு வேலை உடையவரின் துண்டில் இருக்கவேண்டியது 1257L. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் 12,570 வரும். ஆண்டொன்றுக்கு வரியின்றி உழைக்கக்கூடிய தொகை அது.

BR எப்படி வந்தது? நானே எழுதிக் கொடுத்தது தான். வேலையிற் சேரும் நாளன்று ஒரு படிவம் நிரப்பத் தந்தார்கள். அதில் மூன்று கூற்றுகள் இருக்கும். ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். இவ்வரியாண்டில் இதுவே எனது முதல் வேலை என்பது ஒன்று. முன்னர் வேறு வேலை செய்தேன், இப்போது இல்லை என்பது இன்னொன்று. வேறொரு வேலையோ ஓய்வூதியமோ இப்போதும் உண்டு என்பது மூன்றாவது. எனக்கு உதவித்தொகை வருகின்றதே, அதனை மறைப்பது முறையன்று என்று எண்ணி மூன்றாவதற்கு அடையாளமிட்டேன். நேர்மையாக இருக்க முயன்று செய்த தவறு அது. முழுநேர மாணவரின் புலமைப்பரிசிலுக்கு அந்நாட்டில் வருமான வரி இல்லை. அது வேலையுமன்று, ஓய்வூதியமுமன்று. முதலாவது கூற்றே எனக்குரியது.

திருத்துவதற்குத் தேசியக் காப்புறுதி இலக்கம் வேண்டியிருந்தது. அவ்விலக்கம் இல்லாமலே வேலையைத் தொடங்கலாம். ஆனால் வரித் திணைக்களத்துடன் பேசுவதென்றால் அது கையில் இருப்பது நல்லது. எனக்கு அது டிசெம்பர் தொடக்கத்தில் தான் தபாலில் வந்தது. தொலைபேசியில் நெடுநேரம் காத்திருந்து, உள்ளதைச் சொன்னேன். மறுமுனையிற் பேசிய பெண்மணி இரண்டு கேள்விகளுக்கு மேல் கேட்கவில்லை. புதிய குறியீடு எனக்கும் அங்காடிக்கும் அறிவிக்கப்படும் என்றார். அது டிசெம்பர்ச் சம்பளத்துக்குப் பிந்திவிட்டது, அம்மாதமும் 146.40 கழிந்தது. ஜனவரித் துண்டில் குறியீடு 1257L என மாறியிருந்தது. அதனுடன், இரு மாதங்களிலும் கழிக்கப்பட்ட 292.80 பவுண் முழுவதும் ஒரே வரியில் திரும்பி வந்திருந்தது. நான் தனியாக எந்த விண்ணப்பமும் எழுதவில்லை.

எப்படித் திரும்பி வந்தது என்பதில் தான் இந்த வரிமுறையின் உயிர்நிலை உள்ளது. உழைக்கும்போதே செலுத்தும் வரி என்று நம் நாட்டில் நாம் அறிந்த முறை, பிரித்தானியாவில் இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1944இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்குத் திரள்முறையானது. ஒவ்வொரு சம்பளத்தின் போதும், ஆண்டின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை உழைத்தது எவ்வளவு, இன்றுவரைக்கும் உரிய விலக்கு எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஜனவரி என்பது வரியாண்டின் பத்தாம் மாதம். அதுவரை எனக்குச் சேர்ந்திருந்த விலக்கு 10,475 பவுண். நான் அதுவரை உழைத்ததோ 2,951.52. ஆகவே வரி பூச்சியம். முன்னர் கழித்ததெல்லாம் மீளக் கொடுக்கப்பட வேண்டியது. ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை நான் அந்நாட்டிலேயே இல்லாதபோதும், அம்மாதங்களின் விலக்கும் எனக்காகக் காத்துக்கிடந்தது.

வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்குவதும் ஒரு வரலாற்றுச் சேதி. பழைய இங்கிலாந்தில் மார்ச் 25 கணக்கு முடிக்கும் நாள். 1752இல் நாட்காட்டியைத் திருத்தியபோது பதினொரு நாட்கள் கைவிடப்பட்டன. வரி வாங்குவோர் அந்நாட்களை இழக்க விரும்பவில்லை. ஆண்டைப் பின்தள்ளி ஏப்ரல் 5இல் தொடங்கினர். 1800இல் இன்னுமொரு நாள் சேர்ந்தது. இருநூறு ஆண்டு கடந்தும், தட்டில் பொருள் அடுக்கும் மாணவனின் கணக்கு அந்நாளிலேயே முடிகின்றது.

ஆனால் ஜனவரித் துண்டில் வேறொரு கழிவு புதிதாக முளைத்திருந்தது: தேசியக் காப்புறுதி, 35.14 பவுண். அது ஏன் என்பதை விளக்குவதற்கு விடுமுறையைப் பற்றிச் சொல்லவேண்டும். மாணவர் விசாவில் பட்டப்படிப்புப் படிப்பவர், தவணைக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. பல்கலைக்கழகத்தின் விடுமுறையில் அந்த வரம்பில்லை. நத்தார் விடுமுறையில் மூன்று வாரம், வாரத்துக்கு 38 மணித்தியாலமாக 114 மணித்தியாலம் வேலை செய்தேன். தவணை தொடங்கிய வாரத்தின் பதினாறையும் கூட்ட, ஜனவரிச் சம்பளம் 130 மணித்தியாலத்துக்குரியதாயிற்று: 1,487.20 பவுண். தேசியக் காப்புறுதி, மாதம் 1,048 பவுணைத் தாண்டிய பகுதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் அறவிடப்படும். தாண்டியது 439.20, அதன் எட்டு வீதம் 35.14.

வரி திரும்பி வந்தது போல் இதுவும் வருமென்று நான் காத்திருந்தேன். வரவில்லை, வராது. காப்புறுதியின் கணக்கு அந்தந்தச் சம்பள காலத்துடன் முடிந்துவிடும். முன்மாதத்தில் குறைவாக உழைத்தாய், அடுத்த மாதத்திலும் குறைவாகவே உழைப்பாய் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டன்று. அதே 130 மணித்தியாலத்தை இரண்டு மாதத்தில் பரப்பிச் செய்திருந்தால் ஒரு பென்சும் போயிராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை; எந்தக் கழிவை எதிர்த்துக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்திருப்பது நல்லதென்று தான் சொல்கின்றேன்.

மூன்றாவது கணக்கு வாரத்துக்குரியது. அது தான் மூன்றிலும் கடியது. வரியைப் போல் அது திரள்வதில்லை. காப்புறுதியைப் போல் சில பவுணோடு விட்டுவிடுவதுமில்லை. திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறு முடியும் ஏழு நாட்களுக்கு இருபது மணித்தியாலம். இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டியே இருபது. கூலியின்றிச் செய்த வேலையும் அதில் அடங்கும். உணவகத்தில் நான் கழுவிய அந்த நான்கு மணித்தியாலம் அவ்வாரத்தில் என்னைச் சரியாக இருபதில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. துண்டில் எழுதாத நேரம் நேரமல்ல என்று அந்நாளில் நான் நினைத்திருந்தேன். இன்னொரு மணித்தியாலம் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பின்னர் எண்ணி நடுங்கினேன்.

பெப்ரவரி இறுதியில் மேலாளர் என்னை அழைத்து, ஞாயிறு இரவு பத்து மணி முதல் திங்கள் காலை ஆறு மணி வரையிலான பணிக்கு ஆள் குறைகின்றது, வருகின்றாயா என்று கேட்டார். பதினாறும் எட்டும் இருபத்துநான்கு, முடியாது என்றேன். அண்ணை குறுக்கிட்டார். “நடுச்சாமத்தில வாரம் மாறுது தம்பி. எட்டையும் ஒண்டாக் கூட்டாதை.” காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். ஞாயிறு இரவின் இரண்டு மணித்தியாலம் இந்த வாரத்துக்கு: பதினாறும் இரண்டும் பதினெட்டு. எஞ்சிய ஆறும் அடுத்த வாரத்துக்கு: ஆறும் பதினாறும் இருபத்திரண்டு. ஆக, இடையூறு இந்த வாரத்திலன்று, எவரும் நினைத்துப் பாராத அடுத்த வாரத்திலிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு மணித்தியாலம் முன்னதாக என்னை விடுவதானால் வருகின்றேன் என்றேன். மேலாளர் உடனே ஒப்புக்கொண்டு, அதனைப் பணிநேர அட்டவணையில் எழுதினார். அவர் அவ்வளவு கவனமாயிருந்ததற்குக் காரணம் உண்டு. வேலை செய்ய உரிமையில்லாத நேரத்தில் ஒருவரை வேலைக்கு வைத்திருந்தால், 2024 பெப்ரவரி முதல் முதற்றவறுக்கே ஆளொருவருக்கு 45,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். எங்கள் தவணைத் தேதிகளின் பிரதியைக் கேட்டு வாங்கி, கோப்பில் வைத்திருப்பதும் அதனாலேயே.

அக்காகிதத்தை நாங்கள் எழுதிய அதே மாதத்தில், என் விடுதியில் அடுத்த அறையிலிருந்த நண்பனுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. மேற்கு ஆபிரிக்க நாடொன்றிலிருந்து வந்தவன், என்னைவிடக் கெட்டிக்காரன். வேறொரு கடையில் வேலை செய்தான். சக பணியாளர் ஒருவர் நோயுற்றபோது ஒரு வாரம் இருபத்தாறு மணித்தியாலம் செய்தான், மறுவாரம் பதினான்கு. சராசரி இருபது தானே என்பது அவன் வாதம். அது பல்கலைக்கழகத்தின் வாசிப்பு வாரம். வகுப்புகள் இல்லாததால் விடுமுறையென்றும் எண்ணிக்கொண்டான். வாசிப்பு வாரம் தவணைக்குள் அடங்கியது. சராசரி என்பதோ அச்சட்டத்தில் இல்லாத சொல். கடையின் உட்கணக்காய்வில் அது தெரியவந்தது. அன்றே வேலை போயிற்று. விசாவுக்குப் பொறுப்பு நின்ற பல்கலைக்கழகம் அவனை அழைத்து விசாரித்தது. அதன் பின் அவன் இரவுகளில் உறங்கியதாக எனக்கு நினைவில்லை. கையில் காசின்றி, துவிச்சக்கரவண்டியில் உணவு விநியோகிக்கும் வேலைக்கு இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுக்கலாமா என்று ஒருநாள் என்னைக் கேட்டான். அவ்வேலை சுயதொழிலாகக் கருதப்படுவது; மாணவர் விசாவில் சுயதொழில் ஒரு மணித்தியாலத்துக்கும் அனுமதிக்கப்படவில்லை. வேண்டாமென்று இருவருமாக அமர்ந்து பேசித் தீர்மானித்தோம். நான் ஜூன் மாதத்தில் நாடு திரும்பும் வரை அவனது விசாரணைக்கு முடிவு வரவில்லை.

அவனுக்கு நேர்ந்ததைக் கேட்ட அன்று அண்ணை சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் ஒலிக்கின்றது. “தம்பி, வரி பிழைச்சால் காசு திரும்பி வரும். மணித்தியாலம் பிழைச்சால் நீ திரும்பிப் போகவேணும்.”

ஏப்ரலுக்குப் பின் ஆண்டிறுதிச் சான்றிதழ் வந்தது. ஜனவரிக்குப் பின் பெப்ரவரியில் 64 மணித்தியாலம், மார்ச்சில் அந்த இரவுப் பணியோடு 70. மொத்தம் 392 மணித்தியாலம், 4,484.48 பவுண், வருமான வரி 0.00. அந்தப் பூச்சியத்தைப் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது. மாணவன் ஒருவன் ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரமும் சரியாக இருபது மணித்தியாலம், ஆகக்குறைந்த கூலிக்கு உழைத்தால் வரிக்குள் வருவானா? அந்த வரியாண்டில் வாரத்துக்கு 228.80, ஆண்டுக்கு 11,897.60. விலக்காகிய 12,570க்குக் கீழே. காப்புறுதியின் வார எல்லையான 242க்கும் கீழே. அப்படியானால், ‘வரி வெட்டமாட்டோம்’ என்று அந்த உணவகக்காரர் எனக்குத் தந்த சலுகை என்ன? இல்லாத வரியிலிருந்து விலக்கு!

எனினும் இக்கணக்கும் நிலையானதன்று. வரிவிலக்கு 2021 முதல் அசையாமல் அதே 12,570இல் நிற்கின்றது. இருபது மணித்தியாலமும் அசையவில்லை. கூலி மட்டும் ஏறுகின்றது. 2025 ஏப்ரலில் அது 12.21 ஆகியபோது, அதே இருபது மணித்தியாலம் ஆண்டுக்கு 12,698.40 ஆகி விலக்கை 128 பவுணால் தாண்டியது. அதற்கு வரி ஏறத்தாழ 25 பவுண். 2026 ஏப்ரலில் கூலி 12.71 ஆக, ஆண்டுத் தொகை 13,218.40, வரி ஏறத்தாழ 130 பவுண். கூலி உயர்ந்ததால் வந்த வரியாதலின் மாணவன் நட்டப்படவில்லை. ஆனால் அந்த வரம்புக்குள் உழைப்பவனைத் தொடாதிருந்த வரி, சட்டத்தில் எவரும் அவன் பெயரை எழுதாமலே, அவனைத் தொடத் தொடங்கியிருக்கின்றது. இனிச் செல்வோர் தம் சம்பளத்துண்டில் சிறு கழிவொன்றைக் கண்டால், அது என் BR போன்ற தவறா, அன்றி உண்மையிலேயே உரிய வரியா என்பதைக் குறியீட்டைப் பார்த்தே அறியவேண்டும்.

திரும்பி வந்த 292.80 பவுணை அன்றைய மாற்று வீதத்தில் அனுப்பியபோது ஒரு இலட்சம் ரூபாவுக்குச் சற்று மேலாயிற்று. சங்கிலி மீண்டது. அதனை வாங்கிக்கொண்டு வந்த அன்று அம்மா தொலைபேசியில், “அந்த நாட்டுக்காரர் நல்லவங்கள், வெட்டின காசைத் திருப்பித் தந்திட்டாங்கள்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. படிவத்தில் பிழையாக அடையாளமிட்ட கதையை அவரிடம் இன்றுவரை சொல்லவுமில்லை. இருபத்தெட்டுப் பவுணுக்குப் பாத்திரம் கழுவிய கதையையும் சொல்லவில்லை; அதை இப்பக்கங்களில் வாசித்தே அவர் அறியட்டும்.